விண்டோஸின் பூட்டுத்திரையும் அனுமதிப் பெட்டியும் படத்தில் விழாதது ஏன், அவற்றை எடுப்பது எப்படி

விண்டோஸ் கணினியில் ஒரு புதிய மென்பொருளை நிறுவத் தொடங்கியதும் திரை முழுவதும் மங்கி, நடுவில் ஒரு பெட்டி மட்டும் தெளிவாக எழுந்து, இந்தச் செயலி கணினியில் மாற்றங்கள் செய்யலாமா என்று கேட்கும். அந்த நேரத்தில் `PrtSc` விசையை அழுத்திவிட்டுப் பிறகு பெயிண்ட் செயலியைத் திறந்து ஒட்டிப் பார்த்தால், ஒன்றும் ஒட்டாது, அல்லது முன்பு எப்போதோ நகலெடுத்த வேறொரு படம் வந்து ஒட்டும். கணினியைப் பூட்டிய பின் கடவுச்சொல் கேட்கும் திரையைப் படமெடுக்க முயல்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே அனுபவம்தான் கிடைக்கும். விசை பழுதாகிவிட்டதோ, செயலி கெட்டுவிட்டதோ என்று பலர் ஐயப்படுகிறார்கள். இரண்டுமே இல்லை. விண்டோஸ் அந்தத் திரைகளை வேண்டுமென்றே தனியே வைத்திருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி அதிகமாக எழுவது, சமூக மன்றங்களிலும் கோயில் வகுப்புகளிலும் மூத்தோருக்குக் கணினி கற்றுக்கொடுக்கும் தொண்டூழியர்களிடமிருந்துதான். மோசடிகளைப் பற்றிச் சொல்லும்போது, “இந்தப் பெட்டி வந்தால் முதலில் பெயரைப் படியுங்கள், தெரியாத பெயர் என்றால் ‘இல்லை’யை அழுத்துங்கள்” என்று அவர்கள் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. அதைத் தமிழ்க் கையேட்டில் அச்சிட்டுக் கொடுக்க அந்தப் பெட்டியின் தெளிவான படம் வேண்டும். வழக்கமான கருவிகளால் எடுக்க முடியாத படம் சரியாக அதுவாகவே இருக்கிறது. ஆகவே அப்படியொரு கையேட்டைத் தயாரிக்கும் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும் என்ற அளவில் இதைப் பார்ப்போம்.

முதலில் காரணம். நீங்கள் உள்நுழைந்து வேலை செய்யும்போது விண்டோஸ் உங்களுக்கு ஒரே ஒரு மேசைத்தளத்தைத்தான் காட்டுகிறது என்றாலும், பின்னணியில் அது ஒன்றுக்கு மேற்பட்ட மேசைத்தளங்களை வைத்திருக்கிறது. உங்கள் உலாவி, கோப்புகள், விளையாட்டுகள் எல்லாம் ஓடுவது `Default` என்ற பெயருடைய மேசைத்தளத்தில். உள்நுழைவுத் திரை, `Ctrl+Alt+Del` அழுத்தினால் வரும் திரை, மங்கலான பின்னணியோடு வரும் அனுமதிப் பெட்டி ஆகியவை `Winlogon` என்ற வேறொரு மேசைத்தளத்தில் வரையப்படுகின்றன. இதைத்தான் பாதுகாப்பு மேசைத்தளம் என்கிறோம். ஒரு நேரத்தில் இவற்றுள் ஒன்றுதான் திரைக்கு வரும். விசைப்பலகையும் சுட்டியும் அப்போது திரையில் இருக்கும் மேசைத்தளத்துக்கே சொந்தம்.

படம் பிடிக்கும் கருவி நீங்கள் தொடங்கிய செயலி. அது உங்கள் அனுமதியோடு, உங்கள் மேசைத்தளத்தில் ஓடுகிறது. கல்யாண மண்டபத்தில் அமர்த்திய புகைப்படக்காரர் கூடம் முழுவதும் சுற்றி வரலாம், ஆனால் மணப்பெண் அலங்கரிக்கும் அறைக்கதவு அவருக்குத் திறக்காது. எவ்வளவு விலையுயர்ந்த கேமரா வைத்திருந்தாலும் நிலைமை அதுதான். அவ்வாறே, வேறு நல்ல கருவி வாங்கினால் கிடைத்துவிடும் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. திரையை நகலெடுக்க விண்டோஸ் தரும் வழிகளைப் பற்றிய மைக்ரோசாஃப்டின் ஆவணமே, பாதுகாப்பு மேசைத்தளத்தை அணுகுவதற்கு ஒரு செயலி `LOCAL_SYSTEM` என்ற கணினியின் உள்கணக்கில் ஓட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நிர்வாகியாக ஓட்டினாலும் அது உங்கள் மேசைத்தளத்தில் ஓடும் செயலிதான்.

இந்தக் கண்டிப்புக்கு நல்ல காரணம் இருக்கிறது. அனுமதிப் பெட்டி 2007 ஆம் ஆண்டில் பொதுமக்கள் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு அறிமுகமானது. அது சாதாரண மேசைத்தளத்திலேயே தோன்றினால், ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கும் ஒரு தீய மென்பொருள் பெட்டியின் மீது வேறொரு படத்தைப் போர்த்தி உங்களை ஏமாற்றலாம், சுட்டியின் இடத்தை மாற்றிக் காட்டலாம், நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைக் கவனிக்கலாம். தனி மேசைத்தளத்தில் வைத்துவிட்டால் அந்த மென்பொருளுக்குப் பெட்டி தெரியாது, எட்டாது. உங்கள் படக்கருவியையும் அந்த மென்பொருளையும் விண்டோஸால் வேறுபடுத்திப் பார்க்க இயலாது என்பதால், இரண்டையும் ஒன்றாகவே வெளியே நிறுத்துகிறது.

நீங்கள் பார்ப்பது பாதுகாப்பு மேசைத்தளம்தானா என்று கண்டுகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு காணொளியை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் கட்டளை வரிச் செயலியை நிர்வாகியாகத் திறந்து பாருங்கள். பெட்டி எழுந்ததும் பின்னால் மங்கலாகத் தெரியும் காணொளியின் படம் அசைவற்று நிற்கும். ஒலி மட்டும் தொடர்ந்து கேட்கலாம். நீங்கள் பின்னால் காண்பது உங்கள் மேசைத்தளம் அன்று. பெட்டி வருவதற்குச் சற்று முன் விண்டோஸ் எடுத்து, மங்கலாக்கி விரித்து வைத்த ஒரு நிழற்படம். உங்களுக்குத் தொலைவிலிருந்து உதவி செய்யும் பிள்ளையோ நண்பரோ, “அப்பா, எனக்கு இங்கே கறுப்பாகத் தெரிகிறது, உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்பதும் இதே கணத்தில்தான். அவர் பயன்படுத்தும் உதவிக் கருவியாலும் அந்த மேசைத்தளத்துக்குள் வர இயலவில்லை. கணினியில் முழுமையாக நிறுவப்பட்டு, உள்கணக்கில் சேவையாக ஓடும் தொலைக் கருவிகளுக்கு மட்டும் இந்தத் தடை இராது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. சில செயலிகள் தங்கள் சாளரத்தை மட்டும் படத்தில் விழாதபடி தாமே மறைத்துக்கொள்ளும். அப்போது படம் எடுபடும். ஆனால் அந்தச் சாளரம் இருந்த இடம் மட்டும் கறுப்புக் கட்டமாக இருக்கும், அல்லது அந்தச் சாளரமே படத்தில் இராது. திரை மங்கவில்லை, மற்றவை எல்லாம் படத்தில் இருக்கின்றன என்றால் அது அச்செயலியின் முடிவு; இக்கட்டுரையின் பொருள் அன்று.

பூட்டுத்திரையில் ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பூட்டிய கணினி முதலில் மணியும் அழகான படமும் காட்டும். ஒரு விசையைத் தட்டியதும் பெயரும் கடவுச்சொல் பெட்டியும் உள்ள உள்நுழைவுத் திரை வரும். கண்ணுக்கு ஒன்றன் தொடர்ச்சியாகத் தெரிந்தாலும் இவற்றை வரைபவை வெவ்வேறு நிரல்கள்: மணி காட்டுவது `LockApp.exe`, கடவுச்சொல் கேட்பது `LogonUI.exe`. மணி காட்டும் முகப்பில் `Win+PrtSc` அழுத்திவிட்டு, உள்நுழைந்தபின் படங்கள் கோப்புறையில் உள்ள `Screenshots` உள்ளே பார்த்தால் சில கணினிகளில் படம் கிடைத்துவிடும். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதனோடு போராட வேண்டாம்.

கையேட்டுக்குத் தகுந்த படம் எடுக்க நான் பரிந்துரைக்கும் வழி மெய்நிகர்க் கணினி. உங்கள் கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி, அதில் தனியாக ஒரு விண்டோஸை நிறுவுவது. உள்ளே இருக்கும் விண்டோஸ் தன் பாதுகாப்பு மேசைத்தளத்தைத் தன் செயலிகளிடமிருந்து மறைக்கும். ஆனால் அது வரைவது அனைத்தும் இறுதியில் ஒரு பொய்த் திரைக்குப் போகிறது. அந்தத் திரையின் புள்ளிகள் வெளியே உள்ள உங்கள் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கின்றன. ஆகவே வெளியிலிருந்து பார்க்கும்போது பூட்டுத்திரையும் மற்றத் திரைகளைப் போல வெறும் படமே. விண்டோஸின் எந்தப் பாதுகாப்பையும் தளர்த்த வேண்டியதில்லை என்பதே இவ்வழியின் பெரிய சிறப்பு.

ஒரு கையேட்டை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். நமக்கு வேண்டியவை இரண்டு படங்கள்: உள்நுழைவுத் திரை ஒன்று, அனுமதிப் பெட்டி ஒன்று. மெய்நிகர்க் கணினியை உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் 7 ஆம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவிக்கொள்ளுங்கள்; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லை மென்பொருளால் காட்டும் வசதி இந்தப் பதிப்பிலிருந்துதான் வந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டிடமும் கேட்கும் என்பதால், வெளியே உள்ள உங்கள் கணினியில் 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் எல்லாம் ஊர்ந்துதான் நகரும். விண்டோஸ் உரிமம் தனியாக வாங்க வேண்டிய அவசியமில்லை. மைக்ரோசாஃப்ட் தன் மதிப்பீட்டு மையத்தில் 90 நாள் பயன்படுத்திப் பார்க்கத் தரும் விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் பதிப்பு இந்த வேலைக்குப் போதும்.

உள்ளே நிறுவும்போது உண்மையான மின்னஞ்சல் கணக்கு எதையும் கொடுக்காமல், `Payirchi` என்பதுபோல் ஒரு பயிற்சிக் கணக்கை மட்டும் உருவாக்குங்கள். படத்தில் தெரியப்போவது அந்தப் பெயர்தான். திரை தமிழில் இருக்க வேண்டும் என்றால் அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து அதைக் காட்சி மொழியாக்கலாம். ஆனால் அப்படிச் செய்தபின்னும் உள்நுழைவுத் திரை ஆங்கிலத்திலேயே நிற்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். காரணம், அந்தத் திரை உங்கள் கணக்குக்குள் இல்லை. அதற்கென்று மொழி அமைப்பு தனியே உண்டு. கட்டுப்பாட்டுப் பலகத்தில் `Region` என்பதைத் திறந்து, `Administrative` பகுதியில் `Copy settings` பொத்தானை அழுத்தி, `Welcome screen and system accounts` என்ற கட்டத்தில் குறியிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் மாறிவிடும். சில சொற்கள் அதன்பிறகும் ஆங்கிலத்தில் மீந்திருக்கலாம். விண்டோஸின் தமிழாக்கம் ஆங்கிலத்தின் மேல் போர்த்திய பகுதி மொழிபெயர்ப்பு என்பதால் அது உங்கள் பிழை அன்று. மூத்தோர் தங்கள் வீட்டில் ஆங்கிலத் திரையைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்றால் ஆங்கிலத்திலேயே எடுத்து, தமிழ் விளக்கத்தை ஓரத்தில் அச்சிடுவதே அவர்களுக்கு உதவும் என்பது என் கருத்து.

இப்போது உள்ளே இருக்கும் கணினியைப் பூட்ட வேண்டும். `Win+L` அழுத்தினால் பெரும்பாலும் வெளியே உள்ள உங்கள் கணினிதான் பூட்டிக்கொள்ளும். அந்த விசைச் சேர்க்கையை வெளி விண்டோஸ் தனக்கே வைத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளே தொடக்கப் பட்டியலில் கணக்குப் படத்தையோ மின்பொத்தானையோ சொடுக்கி, பூட்டும் தேர்வு எதில் இருக்கிறதோ அங்கிருந்து பூட்டுங்கள். `Ctrl+Alt+Del` தேவைப்பட்டால் வெர்ச்சுவல்பாக்ஸின் `Input` பட்டியலில் அதை உள்ளே அனுப்பும் வசதி இருக்கிறது. மணிப் படம் வந்ததும் ஒரு விசையைத் தட்டி, கடவுச்சொல் பெட்டி தோன்றும்வரை பொறுங்கள். பிறகு வெளியே உள்ள கணினியில் கட்டளை வரியைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
cd "C:\Program Files\Oracle\VirtualBox"
VBoxManage controlvm "win11" screenshotpng C:\padam\ulnuzhaivu.png
```

`win11` என்ற இடத்தில் நீங்கள் உங்கள் மெய்நிகர்க் கணினிக்கு வைத்த பெயர் வர வேண்டும். `C:\padam` என்ற கோப்புறையை முன்கூட்டியே உருவாக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். வெளியிலிருந்து சாதாரணக் கருவியால் அந்தச் சாளரத்தை வெட்டி எடுத்தாலும் படம் கிடைக்கும். ஆயினும் சாளரம் சுருக்கியோ பெரிதாக்கியோ காட்டப்பட்டிருந்தால் எழுத்துகள் மங்கும், சாளரத்தின் விளிம்பும் சேர்ந்து வரும். கட்டளையோ உள்ளே உள்ள திரையை ஒவ்வொரு புள்ளியும் அப்படியே இருக்கக் கோப்பாக்குகிறது. அச்சுக்குப் போகும் படத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கோப்பைத் திறந்தால் முழுக் கறுப்பாக இருக்கிறதா? பாதுகாப்பு மேசைத்தளம் இங்கேயும் தடுத்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். பூட்டிய விண்டோஸ் சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் திரையை அணைத்துவிடும். அணைந்த திரையைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். உள்ளே ஒரு விசையைத் தட்டித் திரையை எழுப்பி, உடனே கட்டளையை மறுபடி கொடுங்கள்.

இரண்டாவது படத்துக்கு உள்ளே சென்று, நோட்பேட் செயலியை வலச்சொடுக்கி `Run as administrator` என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை மங்கிப் பெட்டி எழுந்ததும் அதற்கு விடை சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டு, வெளியே வந்து கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அதே கட்டளையைக் கொடுங்கள். மங்கிய பின்னணியும் தெளிவான பெட்டியும் மாணவர் தம் வீட்டில் காண்பது போலவே படத்தில் இருக்கும். நோட்பேட் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது என்பதால் வெளியீட்டாளர் பெயர் தெளிவாக வரும். கையொப்பம் இல்லாத ஒரு நிறுவல் கோப்பை ஓட்டினால் வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்ற வரியும் மஞ்சள் பட்டையும் வரும். கையேட்டில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மாணவர்களின் கணக்கு நிர்வாகிக் கணக்கா, சாதாரணக் கணக்கா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கணக்கில் ஆம், இல்லை என்ற கேள்வியோடு நிர்வாகியின் கடவுச்சொல்லையும் அது கேட்கும். கையேட்டுப் படமும் வீட்டில் காண்பதும் ஒத்துப்போகாவிட்டால் அவர்கள் குழம்புவார்கள்.

மெய்நிகர்க் கணினிக்கு இடமோ வலுவோ இல்லாதவர்களுக்கு, அனுமதிப் பெட்டிக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. தொடக்கப் பட்டியலில் `UAC` என்று தட்டினால் நான்கு படிகள் கொண்ட ஒரு நகர்த்தி வரும். வழக்கமாக அது மேலிருந்து இரண்டாவது படியில் இருக்கும். அதை ஒரு படி கீழே இறக்கினால், விண்டோஸ் இனியும் அனுமதி கேட்கும், ஆனால் திரையை மங்கலாக்காமல் உங்கள் மேசைத்தளத்திலேயே கேட்கும். அங்கே சாதாரணக் கருவிகளுக்கு அது எட்டும்: ஸ்னிப்பிங் கருவியில் 10 வினாடித் தாமதம் வைத்து, அதற்குள் பெட்டியை வரவழைத்தால் போதும். எடுத்த கையோடு நகர்த்தியை மீண்டும் இரண்டாவது படிக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்றியாயிற்றா என்று உறுதிசெய்ய, இன்னொரு முறை நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து திரை மங்குகிறதா என்று பாருங்கள். மங்கும்வரை உங்கள் கணினி பலவீனமான நிலையில்தான் இருக்கிறது. அடிப்படியில், அதாவது ஒருபோதும் கேட்காதே என்ற இடத்தில், வைத்துவிடாதீர்கள். அங்கே பெட்டியே வராது, எடுக்கப் படமும் இராது. அலுவலகக் கணினியில் இந்த நகர்த்தி பெரும்பாலும் நிர்வாகத்தால் பூட்டப்பட்டிருக்கும், பூட்டப்படாவிட்டாலும் அது தொட வேண்டிய இடம் அன்று. இவ்வழியின் இன்னொரு குறை, படத்தில் மங்கல் இராது என்பது. மங்கிய திரையே மாணவர் நம்ப வேண்டிய அடையாளம் என்று நாம் சொல்லிக்கொடுக்கும்போது, மங்காத படத்தைக் காட்டுவது பாடத்துக்கு எதிராகப் போகும்.

உண்மையான ஒரு கணினியின் உள்நுழைவுத் திரைதான் வேண்டும், அல்லது விண்டோஸ் எழுவதற்கு முன்பே வட்டின் பூட்டைத் திறக்கக் கேட்கும் பிட்லாக்கர் திரை வேண்டும் என்றால், எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை வாங்கி யுஎஸ்பி வழியாக இன்னொரு கணினிக்குத் தரும் பிடிப்புக் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம். அது கம்பியில் போகும் படத்தைத்தான் பார்க்கிறது. விண்டோஸிடம் எதையும் கேட்பதில்லை. கருவி தாங்கும் அளவுக்குத் திரையின் தெளிவுத்திறனைக் குறைத்து வைத்தால் எழுத்து சிதையாது.

உள்கணக்கின் அனுமதியோடு பாதுகாப்பு மேசைத்தளத்துக்குள்ளேயே ஒரு படக்கருவியை ஓட்டும் முறைகளும், உள்நுழைவுத் திரையின் எளிதணுகல் பொத்தானுக்குப் பின்னால் வேறு நிரலை வைத்துவிடும் பழைய தந்திரமும் பேசப்படுகின்றன. வேலை செய்யலாம், ஆனால் நான் அவற்றைச் செய்யச் சொல்ல மாட்டேன். அந்தத் தந்திரம் கடவுச்சொல் இல்லாமல் கணினிக்குள் நுழைபவர்கள் பயன்படுத்துவதே என்பதால் நச்சுநிரல் தடுப்பான் அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும். அதைவிட மோசம், படமெடுத்தபின் மறந்து விட்டுவிட்டால் கணினிமுன் வந்து உட்காரும் எவருக்கும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

கைபேசிகளில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் வழக்கமான விசைச் சேர்க்கையாலேயே பூட்டுத்திரை படமாகிவிடும். கணினித் திரையைக் கைபேசியால் புகைப்படம் எடுப்பதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பிழைச்செய்தியை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்ட அது தாராளமாகப் போதும். கையேட்டில் அச்சிடும்போதுதான் கோடுகோடான அலைகளும் விளக்கின் ஒளியும் எழுத்தை விழுங்கிவிடும்.

படங்களை அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து ஓரங்களைப் பாருங்கள். மெய்நிகர்க் கணினியில் எடுத்ததாக இருந்தால் பயிற்சிக் கணக்கின் பெயர் தவிர வேறெதுவும் இருக்காது. சொந்தக் கணினியில் நகர்த்தியை இறக்கியோ பிடிப்புக் கருவியாலோ எடுத்ததாக இருந்தால், உங்கள் பெயர், மின்னஞ்சல், பெட்டிக்குப் பின்னால் திறந்திருந்த கோப்பின் தலைப்பு ஆகியவை எங்கேனும் தெரியும். அவற்றின் மேல் கெட்டியான ஒரே நிறக் கட்டத்தை வரைந்து, படத்தைப் புதிய கோப்பாகச் சேமித்து, அந்தப் புதிய கோப்பை மட்டும் கையேட்டில் சேருங்கள்.